வெளியிடுமுன் ஒப்புநோக்குக

(தேர்தற் காலத்தில் வாக்காளர்களுக்கான தகவற் பதிவுகளைத் தயாரிக்கும் தொண்டர்களின் பயிற்சி வகுப்பில், அப்பகுதிக்குப் பொறுப்பாகவுள்ள சட்டத்தரணி ஆற்றிய உரை.)



மேடையில் முழங்குதற்குரிய பொருள் எதனையும் நான் இன்று எடுத்து வரவில்லை. எமது முகநூற் பக்கத்திலும் வட்ஸ்அப் குழுக்களிலும் வெளியாகும் பதிவொன்றை, அது வெளியாகுமுன், புதிதாக எம்முடன் சேர்ந்த இளையவர் ஒருவர் எவ்வாறு சரிபார்த்தல் வேண்டும், அவ்வாறு சரிபார்க்க அவரை நாம் எவ்வாறு பழக்குதல் வேண்டும் என்பதே நான் பேசவிருக்கும் பொருள். சிறிய பொருள்தான். ஆயினும் அதன் விளைவை அனுபவிப்பவர் நாமல்லர்; எமது பதிவை நம்பி வாக்களிப்பு நிலையத்துக்கு நடந்து செல்லும் மனிதரே.

ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். 2025ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், எமது பகுதியிற் சேர்ந்து பத்து நாட்களே ஆன ஓர் இளைஞி தாம் வரைந்த முதற் பதிவை என் மேசையில் வைத்தார். அதில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தது:

“மே 6, புதன்கிழமை. காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை வாக்களிக்கலாம். உங்கள் கட்சிக்கு எதிரே புள்ளடியிட்டபின், மூன்று வேட்பாளர்களுக்கு விருப்பு வாக்களிக்கத் தவறாதீர்கள்.”

தமிழ் பிழையற்ற தமிழ். எழுத்துப்பிழை ஒன்றேனும் இல்லை. எனக்கு முன் அதனைப் பார்வையிட்ட அனுபவசாலிகள் இருவரும் “நன்று” என்றே சொல்லியிருந்தனர். ஆயினும் அந்த மூன்று வரிகளுள் மூன்று பெரும் பிழைகள் இருந்தன. மே 6 செவ்வாய்க்கிழமை. வாக்களிப்பு மாலை 4 மணியுடன் முடிவுறும். விருப்பு வாக்கு என்பதோ உள்ளூராட்சித் தேர்தலில் இல்லவே இல்லை.

இப்பிழைகள் எங்கிருந்து வந்தன என்று கேட்டபோதுதான் உண்மை விளங்கிற்று. அவர் எதனையுங் கற்பனை செய்யவில்லை. கணினியிலிருந்த எமது பழைய பதிவொன்றை எடுத்து, அதிற் திகதியை மட்டும் மாற்றியிருந்தார். அப்பழைய பதிவு 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆந் திகதி நடைபெற்ற பாராளுமன்றத் தேர்தலுக்குரியது. அன்று புதன்கிழமை. கொரோனா நோய்த்தொற்றின் காரணமாக அத்தேர்தலில் வாக்களிப்பு நேரம் ஒரு மணி நீட்டப்பட்டு மாலை 5 மணி வரை நடைபெற்றது. பாராளுமன்றத் தேர்தலிற் கட்சிக்குப் புள்ளடியிட்டபின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்கு அளிக்கலாம் என்பதும் சரியே. அதாவது, பிழையான மூன்று செய்திகளும் ஒரு காலத்தில் மெய்யாயிருந்த செய்திகள். முன்னர் எமது பக்கத்திலேயே வெளிவந்து, பலரும் வாசித்து, சரியெனக் கண்டவை. ஆகவேதான் அனுபவசாலிகளின் கண்ணில் அவை உறுத்தவில்லை. முன்பு கண்ட வாசகத்தை மீண்டுங் கண்டபோது, அவர்களுடைய மனம் அதனைப் பழைய நண்பனைப் போல வரவேற்றுக்கொண்டது.

இப்பதிவு வெளியாகியிருந்தால் நேர்ந்திருக்கக்கூடியது யாது? கூலி வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர், ஐந்து மணி வரை அவகாசம் உண்டென்று எண்ணி நாலரை மணிக்கு வாக்களிப்பு நிலையத்தின் படியேறியிருப்பார், கதவு மூடியிருந்திருக்கும். வாக்குச் சீட்டைக் கையிற் பெற்ற முதியவர் ஒருவர், அதிலே வேட்பாளர் இலக்கங்களைத் தேடியிருப்பார். உள்ளூராட்சித் தேர்தற் சீட்டில் கட்சிகளின் அல்லது சுயேச்சைக் குழுக்களின் பெயரும் சின்னமுமே உண்டு. வேட்பாளரின் பெயருமில்லை, இலக்கமுமில்லை. தேடிக் காணாதவர் தாமே ஏதேனும் எழுதிவைப்பாராயின், அவ்வாக்கு நிராகரிக்கப்படும் அபாயமும் உண்டு. ஒரு மனிதன் தன் வாக்கை இழப்பதற்கு எதிரி ஒருவன் வேண்டியதில்லை. அவனுடைய நண்பர்கள் வெளியிட்ட ஒரு பதிவே போதும்.

இத்தகைய பிழையைக் கண்டவுடன் எம்மவரிற் பெரும்பாலோர் செய்வது யாதெனில், இளையவரை அழைத்து, “இனிமேற் கவனமாய் இருக்க வேண்டும்” என்று சொல்வதாகும். இந்த அறிவுரையால் ஒரு பயனும் விளையாது. அவர் கவனமாய்த்தான் இருந்தார். எழுத்தைக் கவனித்தார், சொல்லைக் கவனித்தார், வாக்கியத்தின் ஓசையைக்கூடக் கவனித்தார். எதனை எதனோடு ஒப்பிட வேண்டும் என்பதை மாத்திரம் அவருக்கு எவருஞ் சொல்லவில்லை. கவனம் என்பது பொதுவான ஒரு குணம். ஒப்புநோக்குதல் என்பது கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு செயல்.

சரிபார்ப்புப் பட்டியல் என்னும் கருவி ஆகாய விமானிகளிடமிருந்து வந்தது. 1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி, அமெரிக்காவின் ஓகாயோ மாநிலத்திலுள்ள ரைட் விமானத்தளத்தில், போயிங் நிறுவனத்தின் புதிய விமானமொன்று மேலெழுந்து சிறிது தூரஞ் செல்லுமுன் விழுந்து நொருங்கியது. தரையில் நிற்கும்போது காற்றினால் விமானத்தின் அசையும் உறுப்புகள் அலையாதிருக்க ஒரு பூட்டு இடுவது வழக்கம். அப்பூட்டை நீக்க மறந்தே விமானத்தைக் கிளப்பிவிட்டனர். ஓட்டியவர் கத்துக்குட்டி அல்லர், தேர்ந்த விமானி. ஆகவே, இன்னும் நீண்ட பயிற்சி வேண்டுமென்று அவர்கள் முடிவுசெய்யவில்லை. மறக்கக்கூடிய செயல்களை ஒரு சிறு அட்டையில் எழுதி விமானியின் கையிற் கொடுத்தனர். அட்டையில் விமானம் ஓட்டுவது எப்படியென்ற பாடம் இருக்கவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். தெரிந்தவனும் தவறவிடக்கூடியவை மாத்திரமே அதில் இருந்தன.

அறுவை மருத்துவர் அத்துல் கவாண்டே 2009ஆம் ஆண்டு வெளியிட்ட நூலிலே பட்டியல்களை இருவகையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒவ்வொரு வரியாக வாசித்து, வாசித்தபடியே செய்வது ஒரு வகை. சமையற் குறிப்பைப் பார்த்துச் சமைப்பது போன்றது. தெரிந்த வேலையைத் தன் போக்கிற் செய்து முடித்தபின், ஓரிடத்தில் நின்று, செய்தவற்றைப் பட்டியலோடு உறுதிப்படுத்திக்கொள்வது மற்றொரு வகை. எமக்கு வேண்டியது இரண்டாவது வகையே. எழுதும்போதே பட்டியலை எழுதுபவர் கண்முன் வைத்தால் எழுத்து உயிரிழந்து போகும். எழுதி முடித்து, வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்துக்குரியதே பட்டியல். அதுவும் நீளமாக இருத்தலாகாது. ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இடைப்பட்ட எண்ணிக்கையே அந்நூல் கூறும் அளவு. எமது பட்டியலில் ஆறு கேள்விகள் உண்டு. முப்பது கேள்விகளுடன் பட்டியலொன்றை ஆக்கி என்னிடம் காட்டிய அன்பர் ஒருவரும் இச்சபையில் இருக்கிறார். அவருடைய உழைப்பை மதிக்கிறேன், ஆயின் அதனை முழுவதும் நிரப்பிய எவரையும் நான் இதுவரை கண்டதில்லை.

முதலாவது கேள்வியே ஆறிலுந் தலையாயது. “இப்பதிவிலுள்ள ஒவ்வொரு எண், திகதி, கிழமை, நேரம், இடப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றுக்கும் மூலத்தாள் எது?” மூலத்தாள் என்றால் தேர்தல்கள் ஆணைக்குழுவின் அறிவித்தல், வர்த்தமானி, தெரிவத்தாட்சி அலுவலரின் கடிதம் ஆகியவை. வேறொரு பக்கத்தில் வந்த பதிவு மூலமாகாது. எமது பழைய பதிவும் மூலமாகாது. அதுவே எல்லாவற்றினும் ஆபத்தானது என்பதை இப்போது கண்டோம்.

இக்கேள்விக்கு விடையளிக்கும் முறையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். பெட்டியில் ஒரு சரி அடையாளம் இடுவது விடையாகாது. எமது பட்டியலிலே சரி அடையாளமிடும் பெட்டிகளே இல்லை, வெற்றுக்கோடுகள்தான் உண்டு. “கிழமை சரியா?” என்று கேட்டால் எவரும் “சரி” என்பார். “நாட்காட்டியிற் கண்ட கிழமை யாது?” என்று கேட்டால், நாட்காட்டியைப் பார்த்தாலன்றி விடை எழுத முடியாது. “வாக்களிப்பு முடியும் நேரம் யாது? எந்த அறிவித்தலிற் கண்டீர்?” என்று கேட்டால், அவ்வறிவித்தலின் திகதியை எழுத வேண்டும். அப்பெண் இக்கோட்டை நிரப்ப முயன்றிருந்தால், 5 மணி என்பதற்கு 2025ஆம் ஆண்டின் தாள் எதனையுங் காட்ட முடியாமல் அவ்விடத்திலேயே நின்றிருப்பார். விடை எழுத இயலாமையே பிழையைக் காட்டும் மணி.

நொத்தாரிசுத் தொழிலை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. காணி உறுதியொன்று கைச்சாத்திடப்படுமுன் நொத்தாரிசு அதனை வாசித்து விளங்கப்படுத்துகிறார். உறுதியின் முடிவிலுள்ள அத்தாட்சியில், இன்ன பக்கத்தில் இன்ன வரியில் இன்ன சொல் வெட்டப்பட்டது, இன்ன சொல் இடையிற் புகுத்தப்பட்டது என்று குறிப்பிட வேண்டுமென்பது நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின் விதி. “யாவுஞ் சரியாக உள்ளன” என்று ஒரு வரியில் எழுதிவிட்டு அவர் எழுந்துவிட முடியாது. பார்த்தவன் தான் பார்த்ததை எழுத வேண்டும். அவ்விதியின் உயிர் அதுவே; எமது பட்டியலின் உயிரும் அதுவே.

இரண்டாவது கேள்வி: “இஃது எந்தத் தேர்தல்? அத்தேர்தலில் வாக்காளன் சீட்டில் இடும் குறி யாது?” எமது நாட்டில் இக்கேள்வி ஏன் வேண்டியதாகிறது என்றால், தேர்தலுக்குத் தேர்தல் முறை மாறுகிறது. சனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என விருப்பு வரிசையை இடலாம். பாராளுமன்றத் தேர்தலிற் கட்சிக்குப் புள்ளடியும், வேட்பாளர் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கும் உண்டு. உள்ளூராட்சித் தேர்தலில் ஒரே புள்ளடி. 2024ஆம் ஆண்டு செப்ரெம்பர் 21ஆந் திகதி சனாதிபதித் தேர்தல், நவெம்பர் 14ஆந் திகதி பாராளுமன்றத் தேர்தல், அடுத்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் என, எட்டு மாதங்களுக்குள் மூன்று முறைகளில் எமது மக்கள் வாக்களித்தனர். வாக்காளனுக்கு வந்த குழப்பம் பதிவு எழுதுபவனுக்கும் வருவது இயல்பே.

மூன்றாவது கேள்வி படத்தைப் பற்றியது. “படத்திலுள்ள எழுத்தும் பதிவிலுள்ள எழுத்தும் ஒன்றா? படத்தினுள் ஆண்டு குறிக்கப்பட்டுள்ளதா?” பதிவின் எழுத்தைத் திருத்திவிட்டுப் படத்தைத் திருத்த மறப்பது, நான் கண்டவற்றுள் மிகச் சாதாரணமான பிழை. எழுத்தைத் தட்டச்சுச் செய்பவர் ஒருவர்; படத்தை வரைபவர் இன்னொருவர். திருத்தம் முதலாமவருக்குப் போகிறது; இரண்டாமவர் உறங்கிவிடுகிறார்.

ஆண்டைப் பற்றி ஏன் இத்துணை வற்புறுத்துகிறேன்? 2023ஆம் ஆண்டு மார்ச் 9ஆந் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறுமென முதலிற் குறிக்கப்பட்டிருந்ததும், அது நடைபெறாமற் போனதும், அவ்வாறு நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறலென 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நீங்கள் அறிந்தவை. அக்காலத்தில் எத்தனையோ அமைப்புகள் “மார்ச் 9 அன்று வாக்களிப்போம்” என்று படங்கள் வெளியிட்டன. ஆண்டு குறிக்கப்படாத அத்தகைய படம், எழுத்தை விட்டுப் பிரிந்து, கைத்தொலைபேசியிலிருந்து கைத்தொலைபேசிக்குத் தாவித் தனியே வாழ்கிறது. முகநூற் பதிவின் எழுத்தை எப்போதுந் திருத்தலாம். வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியைத் திருத்த 15 நிமிடங்களே உண்டு. அதற்குள் மற்றொருவர் வேறோரிடத்துக்கு அனுப்பிவிட்ட படியை எவராலுந் திருத்த முடியாது. ஆகவே, படமானது தனியே நின்றாலும் மெய் சொல்ல வேண்டும்.

நான்காவது கேள்வி எழுத்துருவைப் பற்றியது. இதனை இளையவர்களே எமக்குக் கற்பிக்க வேண்டும். எனினும் ஒரு நுட்பத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களிற் தட்டச்சுச் செய்து பழகியவர்களும், அவற்றிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளும், ‘ர்’ என்னும் எழுத்துக்குப் பதிலாக அரவை இட்டு அதன்மேற் புள்ளி வைத்துவிடுவதுண்டு. “தேர்தல்” என்பது “தோ்தல்” என்று ஆகிவிடுகிறது. பல திரைகளில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். “தேர்தல்” என்று தேடும் வாக்காளனுக்கு அப்பதிவு அகப்படாது. கண்பார்வையற்ற ஒருவருக்கு அதனை வாசித்துக் காட்டும் தொலைபேசிக் குரல் இடறும். கண்டுபிடிக்கும் வழி எளிது. வரைவிலே “தேர்தல்” என்று தேடச் செய்யுங்கள். கண்ணாற் கண்ட எண்ணிக்கையிலுங் குறைவாகக் கணினி காட்டுமாயின், எங்கோ அரவு ஒன்று ரகர வேடம் பூண்டு நிற்கிறது.

ஐந்தாவது: புகைப்படம் எவர் எடுத்தது, எந்நாளில், எவ்விடத்தில்? ஆறாவது: எந்நேரத்தில் வெளியாகும், வெளியானபின் வரும் கேள்விகளுக்கு விடை சொல்பவர் யார்? இவற்றை நீட்டிப் பேச வேண்டியதில்லை. ஒன்று மட்டுஞ் சொல்வேன். எமக்கு உதவும் அன்பர்கள் சிலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து பதிவுகளுக்கு நேரங் குறித்து வைக்கின்றனர். குறித்த நேரம் எந்நாட்டு நேரம் என்பதைக் கோட்டில் எழுதுங்கள். பிரசாரம் ஓய வேண்டிய நாட்களிலே, நேரங் குறித்து வைத்த பிரசாரப் பதிவொன்று தானே வெளியாகி நின்றால், “கணினி செய்தது” என்பதைத் தேர்தல் முறைப்பாட்டுப் பிரிவு கேட்டுக்கொண்டிராது.

இனி, இப்பட்டியலை இளையவர் ஒருவரின் கையில் எவ்வாறு கொடுப்பது? தாளைக் கொடுத்துவிட்டு, “இதன்படி பார்” என்று சொல்லி அனுப்புவது, சட்டக் கோவையைக் கொடுத்து வழக்காடச் சொல்வது போன்றது. நாம் அப்பெண்ணுடன் மூன்று வாரங்கள் செலவிட்டோம்.

முதல் வாரம் இருவராக அமர்ந்து ஒப்புநோக்கினோம். நீதிமன்றப் பதிவேட்டிலிருந்து எடுத்த படியை மூலத்தோடு ஒப்பிடும் முறையே இது. ஒருவர் மூலத்தாளை உரக்க வாசிப்பார். மற்றவர் வரைவின் மேல் விரல் வைத்து, ஒவ்வொரு எண்ணையும் பெயரையும் தம் வாயாற் திருப்பிச் சொல்வார். வரைவை வாசித்து மூலத்தைப் பார்ப்பதன்று. மூலத்தை வாசித்து வரைவைப் பார்ப்பது. இவ்வரிசை முக்கியமானது. வரைவை வாசித்தால் வரைவிலுள்ளவை மட்டுமே சரிபார்க்கப்படும். மூலத்தில் இருந்தும் வரைவில் விடுபட்டுப்போனது எவர் கண்ணிலும் படாது. அடையாள ஆவணம் கொண்டுசெல்ல வேண்டுமென்ற செய்தி அவரது முதல் வரைவில் இல்லாதிருந்ததை நாம் இவ்வாறே கண்டோம்.

இரண்டாம் வாரம், பிழைகளை வேண்டுமென்றே பதித்த வரைவுகளை அவரிடங் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் எத்தனை பிழை என்று சொல்லவில்லை. சிலவற்றிற் பிழையே வைக்கவில்லை. இது அவசியம். எப்போதும் பிழை உண்டென்று அறிந்தவர், ஒன்றைக் கண்டதுந் தேடுதலை நிறுத்திவிடுவார். பிழையற்ற தாளில் அரை மணி நேரம் தேடி, “இதில் ஒன்றுமில்லை” என்று துணிந்து சொல்லக் கற்பதும் பயிற்சியின் பகுதி. ஆரம்பத்தில் அவர் எழுத்துப்பிழைகளை எல்லாம் பிடித்தார், மெய்ப்பிழைகளைத் தவறவிட்டார். அந்தப் பள்ளி அந்த வட்டாரத்தில்தான் உள்ளதா என்று பார்க்கவில்லை. வார முடிவில் அந்நிலை மாறிற்று. முதலில் எண்களுக்கும் பெயர்களுக்கும் கோடிட்டுவிட்டு, பின்னரே தமிழைப் பார்க்கத் தொடங்கினார். கோடு எங்கே முதலில் விழுகிறது என்பதைப் பார்த்தே, ஒருவர் பயிற்சி பெற்றாரா என்பதை நான் அறிந்துகொள்வேன்.

மூன்றாம் வாரம் அவருக்கு அதிகாரம் கொடுத்தோம். ஆறு கோடுகளும் நிரம்பாமல் எப்பதிவும் வெளியாகாது, நிரப்புபவர் அவர், எழுதியவர் நானாயினும், என்னிலும் மூத்தவராயினும் அவ்வாறே. இந்த அதிகாரமின்றிப் பட்டியலாற் பயனில்லை. எமது சமூகத்தில் இளையவர் மூத்தவரைப் பார்த்து, “இதற்குத் தாள் எங்கே?” என்று கேட்பது எளிதன்று. ஆகையால் கேட்பது அவரல்லர், பட்டியலே கேட்கிறது என்று ஆக்கிவிட்டோம். அவருடைய நா தயங்கினாலும், தாளிலுள்ள வெற்றுக்கோடு தயங்காது.

இந்த அதிகாரம் விரைவிலேயே சோதனைக்குள்ளாயிற்று. வாக்களிப்புக்கு முந்திய நாள் மாலை, மூத்த அமைப்பாளர் ஒருவர் தொலைபேசியில் அவரை அழைத்தார்.

“பிள்ளை, எங்கட வட்டாரத்து வாக்களிப்பு நிலையத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு மாத்திப்போட்டாங்கள். உடன போடு.”

“அண்ணை, கடிதம் கையில இருக்கோ?”

“கிராம சேவகரே சொன்னவர். கடிதம் பிறகு வரும்.”

“அப்ப கடிதத்தை ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுங்கோ அண்ணை. வந்த உடன போடுறன்.”

அமைப்பாளர் கோபித்துக்கொண்டு எனக்கு அழைத்தார். நானும் அதே விடையைத்தான் சொன்னேன். நாற்பது நிமிடங்கள் கழிந்து கடிதத்தின் படம் வந்தது. மாற்றம் மெய்யே. ஆயின் வட்டாரம் முழுவதற்குமன்று. அங்கிருந்த இரண்டு நிலையங்களுள் ஒன்றுக்கு மாத்திரம். முதற் சொன்னவாறு பதிவிட்டிருந்தால், மற்ற நிலையத்து வாக்காளர்கள் தங்கள் பெயரில்லாத பள்ளிக்கூடத்தின் வாசலிற் போய் நின்றிருப்பார்கள். கிராம சேவகரும் பொய் சொல்லவில்லை, அமைப்பாளரும் பொய் சொல்லவில்லை. வாய்ச்சொல் பயணஞ் செய்யும்போது “ஒன்று” என்பது வழியில் உதிர்ந்துவிட்டது.

நாற்பது நிமிடங்கள் தாமதிக்க இயலாத வேளைகளும் உண்டென்று நீங்கள் சொல்லலாம். உண்மை. அவற்றுக்கென முதல் மூன்று கேள்விகளை மட்டும் தனித்த சிறு அட்டையில் அச்சிட்டு வைத்துள்ளோம். அவசரத்திலும் அம்மூன்றை விடுவதில்லை.

பட்டியல் பழகிப்போனால் அதுவும் வெறுஞ் சடங்காகும். அதற்கு அறிகுறிகள் உண்டு. கோடுகள் யாவும் ஒரே மையில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் நிரப்பப்பட்டிருக்கும். மூலத்தாளின் திகதிக்குப் பதிலாக “பார்த்தேன்” என்ற சொல் தலைகாட்டும். அவ்வேளைகளில் அறிவிக்காமல் பதித்த பிழையுள்ள வரைவொன்றை அனுப்பிப் பார்க்க வேண்டும். அது தப்பிச் சென்றால், வெளியிடும் பொத்தானை அழுத்துமுன் தடுத்துவிட்டு, அன்று மாலையே மீண்டும் இருவராக அமர வேண்டும். அதனோடு ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். வெளியாகுமுன் பிடித்தவை ஒரு பக்கம். வெளியானபின் வாசகர் காட்டியவை மறு பக்கம். மறுபக்கத்தில் ஒரே வகைப் பிழை இருமுறை வந்தால் பட்டியலிற் புதிய கேள்வி சேரும். ஒன்று சேரும்போது மற்றொன்று நீங்க வேண்டும் அல்லது இரண்டு ஒன்றாக வேண்டும். ஆறு என்ற எண்ணிக்கையை நாம் விட்டுக்கொடுப்பதில்லை.

இதன் எல்லையையுஞ் சொல்லிவிடுகிறேன். மூலத்தாளே பிழையாயிருந்தால் எமது பட்டியல் அதனைப் பிடிக்காது. தமிழ் அறிவித்தலில் மொழிபெயர்ப்புப் பிழை இருக்குமென்ற ஐயம் எழுந்தால், சிங்கள, ஆங்கில வடிவங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க மொழியறிந்த ஒருவரை அழைக்க வேண்டும். எண்களை ஒப்பிட மொழியறிவுகூட வேண்டியதில்லை. மேலும், ஒரு செய்தி மெய்யா என்பதையே பட்டியல் கேட்கும். அதனை இப்போது வெளியிடுவது தகுமா, எவரையேனும் வீணே புண்படுத்துமா என்பதைக் கேட்காது. அந்தத் தீர்மானத்தை இளையவரின் தலையிற் சுமத்தாதீர்கள். அது பொறுப்பாளரின் வேலை. அவரே பெயரெழுதி ஒப்பமிட வேண்டும்.

பட்டியலின் படிகள் அம்மேசையில் இருக்கின்றன. இரண்டாவது கேள்வியின் கீழ் மாகாண சபைத் தேர்தலுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டுள்ளோம். அத்தேர்தல் அறிவிக்கப்படும் நாளில் நடைமுறையிலுள்ள சட்டத்தைப் பார்த்து அதனை நிரப்புங்கள். அதுவரை அவ்விடத்திற் பென்சிலாலும் எதனையும் எழுத வேண்டாம். இப்போது இருவர் இருவராக அமருங்கள். முதல் வரைவை உங்களிடந் தருகிறேன்; அதில் எத்தனை பிழையென்று நான் சொல்லப் போவதில்லை.